எவ்வளவு கடன், யாரிடம் கடன்?

மத்திய பட்ஜெட் தாக்கலாகும் நாளில், ஒரு ரூபாயைக் காசு காசாகப் பிரித்துக் காட்டும் வட்டப்படம் ஒன்று வெளியாகும். மறுநாள் காலை நாளிதழ்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். 2025 பிப்ரவரியில் வெளியான படத்தில், அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் 24 காசு கடனாக வருவதாகக் காட்டப்பட்டிருந்தது. வருமான வரி 22 காசு, ஜிஎஸ்டி 18 காசு. அதாவது வரவுப் பட்டியலில் முதலிடம் கடனுக்குத்தான். செலவுப் பக்கத்தில் வட்டிக்கு மட்டும் 20 காசு. இந்தப் படத்தைப் பார்த்ததும் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. நாடு கடனில் மூழ்குகிறது என்கிறது ஒரு தரப்பு. பற்றாக்குறை சென்ற ஆண்டைவிடக் குறைந்துவிட்டது, அதனால் கடனும் குறைகிறது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பேச்சிலும் பற்றாக்குறையும் கடனும் ஒன்றோடொன்று குழப்பப்பட்டிருக்கின்றன. பற்றாக்குறை என்பது ஓர் ஆண்டின் கணக்கு. அந்த ஆண்டில் வரவைவிடச் செலவு எவ்வளவு மிஞ்சியது என்பதைச் சொல்வது. பொதுக்கடன் என்பது அப்படி மிஞ்சியவற்றுக்காக வாங்கி, இன்னும் திருப்பித் தராமல் நிற்கும் மொத்தத் தொகை. பற்றாக்குறை பாதியாகக் குறைந்தாலும் அந்த ஆண்டில் கடன் கூடத்தான் செய்யும், வேகம்தான் குறையும்.

இந்த வேறுபாட்டை விளக்குவதோடு என் பேச்சு நின்றுவிடாது. வரிக்கு மேல் ஓர் அரசு செலவு செய்யும்போது அந்தப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதுதான் என் விஷயம். பற்றாக்குறையின் அளவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்தத் தொகையை யாரிடம், எந்த நாணயத்தில், யார் தீர்மானித்த வட்டிக்கு வாங்கினோம் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். ஒரு நாடு தாக்குப்பிடிக்குமா, முறிந்துபோகுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் வாதம். இந்தியா 1997இல் மூடிய ஒரு வழியையும், இலங்கை 2020இல் அகலத் திறந்த அதே வழியையும் வைத்து அதை விளக்குகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி மத்திய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களுக்குரிய பங்கைக் கொடுத்தபின் கையில் நிற்கும் வரி வருவாய், ரிசர்வ் வங்கியும் பொதுத்துறை நிறுவனங்களும் தரும் லாபப் பங்கு போன்ற வரியல்லாத வருவாய், கொடுத்த கடன் திரும்பி வருவது, பங்கு விற்பனை ஆகியவற்றையெல்லாம் கூட்டினால் 34.96 லட்சம் கோடி. மீதி 15.69 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் இது 4.4 விழுக்காடு. இதே பட்ஜெட்டில் மத்திய அரசின் மொத்தக் கடன் உற்பத்தி மதிப்பில் 56.1 விழுக்காடு என்று மதிப்பிடப்பட்டது. முதல் எண் அந்த ஓர் ஆண்டுக்கு உரியது. இரண்டாவது எண்ணில் பல பத்தாண்டுகளின் பற்றாக்குறைகள் படிந்து கிடக்கின்றன.

அந்த 15.69 லட்சம் கோடியில் பெரும்பகுதி, அதாவது 11.54 லட்சம் கோடி, சந்தையில் கடன்பத்திரம் விற்றுத் திரட்டப்படுவது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் கோடி, அஞ்சலகச் சேமிப்பு, செல்வமகள், பிபிஎஃப் போன்ற சிறுசேமிப்புகளில் மக்கள் போட்ட பணத்திலிருந்து வருகிறது. வெளிநாட்டுக் கடன் வெறும் 23 ஆயிரம் கோடி சொச்சம்தான். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சந்தையில் அரசு அந்த ஆண்டு விற்கத் திட்டமிட்ட பத்திரங்களின் மொத்த மதிப்பு 11.54 அல்ல, 14.82 லட்சம் கோடி. இடையிலுள்ள 3.28 லட்சம் கோடி, முன்பு விற்ற பத்திரங்களில் தவணை முடிந்தவற்றின் அசலைத் திருப்பித் தருவதற்கானது. புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கிறார்கள் என்று இதைக் குற்றமாகச் சொல்பவர்கள் உண்டு. உலகில் எல்லா அரசுகளும் செய்வது இதுதான். அரசுக்குச் சாவு இல்லை, ஓய்வு பெறும் வயது இல்லை. அசலை முழுதாக அடைத்துவிட்டு எழுந்து போக வேண்டிய நாள் அதற்கு வருவதில்லை. அரசு காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான்: தவணை வரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கடன் கொடுக்க ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆள் யார், எப்படி வருகிறார்? மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஆண்டுக்கு இரண்டு முறை கடன் நாட்காட்டி ஒன்றை வெளியிடுகின்றன. எந்த வாரம் எவ்வளவு தொகைக்கு, எத்தனை ஆண்டுப் பத்திரம் என்பது அதில் இருக்கும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் ஏலம். 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்களுக்குப் புதன்கிழமை. ரிசர்வ் வங்கியின் 'இ-குபேர்' கணினி அமைப்பில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைப்பு நிதிகளும் பரஸ்பர நிதிகளும் ஏலக் கேட்பைப் பதிகின்றன. 2035இல் முதிரும் 6.33 விழுக்காட்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகமதிப்பு 100 ரூபாய். வாங்கியவருக்கு ஆண்டுக்கு 6 ரூபாய் 33 காசு வட்டி. அரசின் நிதிநிலை பற்றிச் சந்தைக்குக் கவலை வந்தால் யாரும் 100 ரூபாய் கொடுக்க மாட்டார்கள். 98தான் தருவேன் என்பார்கள். 98 ரூபாய்க்கு விற்றால் வாங்கியவருக்குக் கிடைக்கும் உண்மையான வருமானம் சுமார் 6.6 விழுக்காடு. அரசின் கடன் செலவு அந்த அளவுக்குக் கூடிவிட்டது என்று பொருள். நிதியமைச்சகம் இதை விரும்பாது. ஆனால் அந்த இரண்டு ரூபாய் இறக்கத்தில், பற்றாக்குறை எல்லை மீறுகிறது என்ற எச்சரிக்கை வாராவாரம் எண்ணாகக் கிடைக்கிறது. அதனால்தான் இந்த வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி, ஆண்டுக் கணக்கு மொத்தக் கடனாகப் படியும் விதத்தைப் பார்ப்போம். நாட்டின் உற்பத்தி மதிப்பு 100 என்றும் கடன் 56 என்றும் வைத்துக்கொள்வோம். விலைவாசி உயர்வையும் சேர்த்து அடுத்த ஆண்டு உற்பத்தி 10 விழுக்காடு வளர்ந்து 110 ஆகிறது. அதில் 4.4 விழுக்காடு பற்றாக்குறை என்றால் 4.84. கடன் 60.84 ஆகிவிடும். தொகை கூடிவிட்டது; ஆனால் 110இல் 60.84 என்பது 55.3 விழுக்காடுதான். கடன் வளர்ந்தது, கடன் சுமை குறைந்தது. இதே பற்றாக்குறையோடு வளர்ச்சி 5 விழுக்காடாகச் சரிந்தால் உற்பத்தி 105, கடன் 60.62, விகிதம் 57.7 விழுக்காடு. நிதியமைச்சர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யாமலே சுமை ஏறிவிடுகிறது. ஆகவே, பற்றாக்குறை 3 விழுக்காட்டைத் தாண்டினால் ஆபத்து, தாண்டாவிட்டால் பாதுகாப்பு என்று கோடு போட்டுப் பேசுவதில் பெரிய பொருள் இல்லை. வளர்ச்சி விகிதம் வட்டி விகிதத்துக்கு மேல் நிற்கிறதா என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் எந்த எண்ணும் தனியாகப் பேசாது.

கடன் திரும்பி வந்து பற்றாக்குறையைப் பெருக்குவதும் உண்டு. 2025-26இல் வட்டிக்கு ஒதுக்கிய தொகை 12.76 லட்சம் கோடி. நிதிப் பற்றாக்குறையான 15.69 லட்சம் கோடியில் இது ஐந்தில் நான்கு பங்கு. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த ஆண்டின் சொந்தப் பற்றாக்குறை, அதாவது முதன்மைப் பற்றாக்குறை, 2.93 லட்சம் கோடிதான். பழைய ஆட்சிகள், பழைய முடிவுகள், கோவிட் காலத்துச் செலவு எல்லாம் வட்டியின் உருவில் வந்து இன்றைய பட்ஜெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தத் தொகையை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது முதன்மைப் பற்றாக்குறை மட்டுமே. ஓர் அரசைப் பாராட்டுவதோ குறைசொல்வதோ அதை வைத்துத்தான் நியாயம்.

பற்றாக்குறையை மட்டும் பார்ப்பவர்களை ஏமாற்றவும் முடியும். இந்திய உணவுக் கழகத்துக்கு மத்திய அரசு தர வேண்டிய மானியத்தைப் பல ஆண்டுகள் முழுமையாகத் தரவில்லை. அதற்குப் பதிலாகத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தைக் கடன் வாங்கச் சொன்னது. நெல்லும் கோதுமையும் கொள்முதல் ஆயின, ரேஷன் கடைக்குப் போயின, செலவு நடந்தது. ஆனால் கடன் கழகத்தின் பெயரில் இருந்ததால் அரசின் பற்றாக்குறைக் கணக்கில் அது ஏறவில்லை. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தப் பழக்கத்தை நிறுத்தி, நிலுவையை அரசின் கணக்குக்கே கொண்டுவந்தார்கள். 2020-21க்கு 1.16 லட்சம் கோடி என்று போட்டிருந்த உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியாகத் தாவியது. கோவிட் கால இலவச அரிசி ஒரு காரணம். மறைந்திருந்த பழைய பாக்கி வெளியே வந்தது இன்னொரு காரணம். மறைத்ததைத் திருத்திக்கொண்டது நல்ல காரியம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியான பற்றாக்குறை எண்கள் உண்மையைவிடச் சிறியவையாக இருந்தன என்பதும் உண்மை. அரசும் அதன் நிறுவனங்களும் தர வேண்டியதை எல்லாம் கூட்டிப் பார்க்கும் கடன் கணக்கில் இப்படி எதையும் நெடுநாள் ஒளித்துவைக்க முடியாது.

இப்போது, சந்தையைத் தொடாமலே அரசு பணம் பெறும் வழிக்கு வருகிறேன். 1955இல் ரிசர்வ் வங்கிக்கும் மத்திய அரசுக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டானது. ரிசர்வ் வங்கியில் அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் குறைந்தது 50 கோடி ரூபாயும் மற்ற நாட்களில் 4 கோடி ரூபாயும் இருக்க வேண்டும். இருப்பு அதற்குக் கீழே போனால், 91 நாள் தவணையுள்ள 'அட்-ஹாக்' கருவூல உண்டியல்கள் ரிசர்வ் வங்கியின் பெயருக்குத் தாமாகவே எழுதப்படும். அந்த அளவுக்கு ரிசர்வ் வங்கி புதுப் பணத்தை உண்டாக்கி அரசின் கணக்கில் வரவு வைக்கும். மாத நடுவில் வரி வந்து சேர்வதற்குள் சம்பளம் போட வேண்டிய நெருக்கடியைச் சமாளிக்கத்தான் இது ஏற்பட்டது. ஆனால் 91 நாள் முடிந்ததும் அடைப்பதற்குப் பதில் புதிய உண்டியல் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று. தற்காலிகம் நிரந்தரமானது. 1974 முதல் இந்த உண்டியல்களுக்கு வட்டி 4.6 விழுக்காடு என்று நிலையாக நின்றது. நாட்டில் மற்ற வட்டி விகிதங்கள் எங்கே போனாலும் அது அசையவில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்று நாடாளுமன்றம் உச்சவரம்பு வைக்கவில்லை.

இதனால் நேர்ந்தது என்ன? அட்-ஹாக் உண்டியல் வழியாக வெளியே வந்த பணம் அரசின் செலவாகி, வங்கிகளில் டெபாசிட்டாகச் சேர்ந்தது. வங்கிகள் அதை வைத்து மேலும் கடன் கொடுத்தால் விலைவாசி ஏறும். ஆகவே ரிசர்வ் வங்கி தான் விட்ட பணத்தைத் தானே திரும்ப உறிஞ்ச வேண்டி வந்தது. டெபாசிட்டில் 15 விழுக்காட்டை ரொக்க இருப்பாகத் தன்னிடம் வைக்கச் சொன்னது. அது போக, 1990 வாக்கில் 38.5 விழுக்காட்டை அரசுப் பத்திரங்களிலும் அவை போன்றவற்றிலும் முடக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஒரு வங்கிக்கு 100 ரூபாய் டெபாசிட் வந்தால் அதில் 53 ரூபாய் 50 காசு இப்படிப் போய்விடும். மீதியில்தான் விவசாயி, சிறுதொழில் நடத்துபவர், வீடு கட்டுபவர் எல்லோரும் போட்டி போட வேண்டும். அவர்களுக்கு வட்டியும் கூடும். மலிவாகத் தெரிந்த அரசுக் கடனின் உண்மையான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். இந்த வழிமுறையைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். ஏலத்தில் விலை வெளிப்படையாகத் தெரியும். இங்கே விலை உண்டு, ஆனால் பட்ஜெட் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் அது இருக்காது.

1994 செப்டம்பரில், மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்தபோது, மூன்று ஆண்டுகளில் இதை ஒழிப்பதென்று அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் செய்தன. ஒரே நாளில் மூடிவிடவில்லை. முதல் ஆண்டின் இறுதியில் நிகர உயர்வு 6,000 கோடிக்கு மிகக் கூடாது. நடுவில் தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்கு மேல் 9,000 கோடியைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி கருவூல உண்டியல்களைச் சந்தையில் விற்றுவிடும் என்று எல்லை கட்டினார்கள். 1997 ஏப்ரல் முதல் தேதியோடு அட்-ஹாக் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் 'வழிவகை முன்பணம்' வந்தது: அளவுக்கு வரம்பு உண்டு, குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும், வரம்பை மீறினால் கூடுதல் வட்டி. பிறகு 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி 2006 ஏப்ரல் முதல், அரசு புதிதாக வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதும் நின்றது. இந்திய அரசின் பற்றாக்குறை அதற்குப் பின்னும் பெரிதாகவே இருந்தது. 2020-21இல் 9 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனாலும் நாடு கடன் நெருக்கடியில் விழவில்லை. பெரும்பகுதி கடன் ரூபாயில், உள்நாட்டுச் சேமிப்பாளர்களிடம், நீண்ட தவணையில், ஏல விலைக்கு வாங்கியதாக இருந்தது என்பதுதான் என் கணிப்பில் முதல் காரணம்.

இதற்கு நேர் எதிரான பாதையை நம் பக்கத்து நாட்டில் பார்த்தோம். 2019 டிசம்பரில் இலங்கை அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தது. எவ்வளவு விற்பனை நடந்தால் வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்ற எல்லையை ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாயிலிருந்து 30 கோடி ரூபாயாக உயர்த்தியது. உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 11.6 விழுக்காடாக இருந்த வரி வருவாய் அடுத்த ஆண்டே 8 விழுக்காட்டுக்கு அருகே சரிந்தது. அதே நேரத்தில் கோவிட் வந்தது. கடன்தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் தரத்தைக் குறைத்ததும் சர்வதேசச் சந்தையில் டாலர் கடன் கிடைக்காமல் போனது. உள்நாட்டில் கடன் வாங்கலாம் என்றால், திறைசேரி உண்டியல் ஏலங்களில் இதற்கு மேல் வட்டி தர மாட்டோம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அந்த வட்டிக்கு வாங்க ஆள் வரவில்லை. ஏலத்தில் அறிவித்த தொகைக்கும் விற்ற தொகைக்கும் இடையே துண்டு விழுந்துகொண்டே போனது. விற்காமல் மிஞ்சியதை இலங்கை மத்திய வங்கி புதுப் பணத்தால் வாங்கிக்கொண்டது. 2019 முடிவில் ஒரு லட்சம் கோடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த அதன் உண்டியல் கையிருப்பு, 2021 முடிவில் 1.4 லட்சம் கோடி இலங்கை ரூபாய்க்கு வந்துவிட்டது. அட்-ஹாக் முறைக்கு இலங்கையில் அந்தப் பெயர் இல்லை, நடந்தது அதுதான்.

அச்சடித்த ரூபாய் நாட்டுக்குள் செலவாகும்போது அதில் ஒரு பகுதி எரிபொருளாக, பால்மாவாக, கோதுமையாக, மருந்தாக வெளிநாட்டுப் பொருளைத் தேடிப் போகும். அதற்கு டாலர் வேண்டும். ரூபாயின் மதிப்பை டாலருக்கு 200 என்ற அளவில் பிடித்துவைக்க மத்திய வங்கி கையிருப்பு டாலரைக் கரைத்தது. 2019 முடிவில் ஏறத்தாழ 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2022 வசந்த காலத்தில் பயன்படுத்தக்கூடியது ஏதுமில்லை என்ற நிலைக்கு வந்தது. இதற்கு நடுவில், 2007இல் தொடங்கி வாங்கிய சர்வதேசப் பிணைமுறிக் கடன்களின் தவணைகள் வந்தன. 2022 ஜனவரியில் 50 கோடி டாலரைத் திருப்பிக் கட்டினார்கள். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டாலர் தேடிய வேளையில் கட்டிய தொகை அது. மார்ச்சில் ரூபாயைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டார்கள். இரண்டு மாதத்தில் டாலர் 360 ரூபாய்க்கு ஏறியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி உயர்வு ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, ஊழியர் சேமலாப நிதியம் தன்னிடமிருந்த திறைசேரிப் பத்திரங்களைக் குறைந்த வட்டிக்கும் நீண்ட தவணைக்கும் மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. தோட்டத்திலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்தவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு அது. பற்றாக்குறையின் கணக்கைக் கடைசியில் தீர்த்தவர்கள் அவர்கள். வரியைக் குறைத்ததால் பயனடைந்தவர்கள் அல்ல.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். ஒரு குடும்பம் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்றால் அரசு மட்டும் ஏன் கூடாது என்பது முதலாவது. குடும்பத்துக்கு முடிவு உண்டு, அரசுக்கு இல்லை என்று முன்பே சொன்னேன். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. குடும்பம் செலவைக் குறைத்தால் அதன் வரவு குறையாது. அரசு செலவைக் குறைத்தால், அந்தச் செலவை வருமானமாகப் பெற்றவர்களின் கை சுருங்கி, அவர்கள் கட்டும் வரியும் சுருங்கும். 2020இல் வரி வருவாய் சரிந்தபோது இந்திய அரசு செலவையும் சேர்த்து வெட்டியிருந்தால் சரிவு இன்னும் ஆழமாகியிருக்கும். ஆனால் இந்த மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது. பாலத்துக்கும் ரயில்பாதைக்கும் கடன் வாங்குவது வேறு. சம்பளத்துக்கும் வட்டிக்கும் ஆண்டுதோறும் கடன் வாங்குவது வேறு. 2025-26இல் அந்த இரண்டாவது வகை, அதாவது வருவாய்ப் பற்றாக்குறை, 5.24 லட்சம் கோடி. நல்ல காலத்திலும் இது பூஜ்யத்துக்கு வராமல் இருப்பதை நியாயப்படுத்த என்னிடம் வாதம் இல்லை.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. சொந்த நாணயத்தைத் தானே வெளியிடும் அரசு, அதே நாணயத்தை ஏன் வங்கிகளிடம் வட்டிக்கு வாங்க வேண்டும்? ரிசர்வ் வங்கியே கொடுத்துவிட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டே முக்கால் லட்சம் கோடி வட்டி மிச்சமாகுமே? ஆலைகள் பாதி இயந்திரத்தோடு ஓடி, ஆட்கள் வேலையில்லாமல் நிற்கும் காலத்தில் புதுப் பணம் உடனே விலைவாசியை ஏற்றாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சட்டமும் போர், பேரிடர் போன்ற நிலைகளுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. சிக்கல், நிறுத்துவதில்தான். வேலையில்லாக் காலம் முடிந்துவிட்டது, இனி பணம் கிடையாது என்று நிதியமைச்சகத்துக்கு யார் சொல்வது? ஏலத்தில் 98 ரூபாய் சொல்கிறது. அட்-ஹாக் முறையில் அதைச் சொல்ல யாருமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஓடியது. கொழும்பில் காலியான ஏலங்களே சொல்லின. ஆனால் புதுப் பணம் அந்தச் சொல்லைக் கேட்காமல் செய்துவிட்டது.

ரிசர்வ் வங்கி இன்றும் அரசுப் பத்திரம் வாங்குகிறதே, 2020-21இல் மட்டும் மூன்று லட்சம் கோடிக்கு மேல் வாங்கியதே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது மூன்றாவது. வித்தியாசம் சிலர் நினைப்பதைவிடச் சிறியது, இருந்தாலும் உண்மையானது. அந்தப் பத்திரங்கள் முதலில் ஏலத்தில் வேறு யாரோ விலை கொடுத்து வாங்கியவை. எவ்வளவு, எப்போது என்பதை அரசின் கஜானாத் தேவை முடிவு செய்யவில்லை. ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. தேவை முடிந்தால் திரும்ப விற்கவும் அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் அரசுப் பத்திரங்களின் வட்டியை இறக்கிவைப்பதையே நோக்கமாகக் கொண்டு ரிசர்வ் வங்கி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் தேய்ந்துவிடும். அப்போது ஏலத்தில் தெரியும் விலை சந்தையின் குரலாக இருக்காது. அதைக் கண்காணிக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் வேலை. இதுவரை அது அந்த வேலையைப் போதுமான அளவு செய்யவில்லை.

நமக்கு நாமே கொடுக்க வேண்டிய கடன்தானே என்று ஆறுதல் அடைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்நாட்டுக் கடன் டாலர் கடனைப்போல் நாட்டை முறிக்காது என்பது சரி. ஆனால் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி மத்திய அரசின் வருவாய் வரவில் 100க்கு 37 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி வரி கட்டும் எல்லோரிடமிருந்தும் போய், பத்திரமும் டெபாசிட்டும் காப்பீடும் வைத்திருப்பவர்களிடம் சேர்கிறது. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் ஜிஎஸ்டி கட்டுபவருக்குச் சேமிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் கட்டியதில் ஒரு பங்கு சேமிப்பு உள்ளவரிடம்தான் போகிறது.

2026-27 முதல் மத்திய அரசு ஆண்டுப் பற்றாக்குறையை விட்டுக் கடன் விகிதத்தை இலக்காக வைக்கிறது; 2031 மார்ச்சுக்குள் அது 50 விழுக்காட்டை ஒட்டி வர வேண்டும் என்று அறிவித்திருக்கிறது. இது சரியான திருப்பம். ஆனால் விகிதத்தை வளர்ச்சியாலும் குறைக்கலாம், விலைவாசியை ஏறவிட்டும் குறைக்கலாம், கடனை வேறு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றியும் குறைத்துக் காட்டலாம். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பட்ஜெட் வரும் நாளில் பற்றாக்குறை விழுக்காட்டைப் படித்ததும் தாளை மடித்துவிடாதீர்கள். முதன்மைப் பற்றாக்குறை எவ்வளவு, வருவாய்ப் பற்றாக்குறை எவ்வளவு, நிகரச் சந்தைக் கடனில் ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டது எவ்வளவு, வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியது எவ்வளவு என்ற நான்கையும் தேடிப் பாருங்கள். நான்கும் அரசின், ரிசர்வ் வங்கியின் வெளியீடுகளில் இருக்கின்றன. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதிக்கு வரும்போது அவரிடம் கேளுங்கள். கொழும்பில் ஏலங்கள் காலியாகிக்கொண்டிருந்த 2021இலும் எண்கள் எல்லாம் மத்திய வங்கியின் வாராந்திர அறிக்கையில் வெளியாகிக்கொண்டுதான் இருந்தன.